சைட் விசிட் மெயிலை அனுப்பும் முன் பிழைதிருத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனை பார்க்க வருகிறவருக்கு நேரத்தையும் எடுத்து வர வேண்டிய ஆவணங்களையும் உறுதி செய்து ரியல் எஸ்டேட் அலுவலகங்கள் அனுப்பும் மெயில் பற்றியது இந்தப் பக்கம். ஏஜென்ட் எழுதியதைப் படித்துப் பார்த்து அனுப்புகிற அலுவலக ஊழியர்களும், தானே எழுதித் தானே சரிபார்க்கிற ஏஜென்ட்களும் கேட்கிற கேள்விகள் இவை. மாதிரி மெயில் விளக்கத்துக்காக எழுதியது. மனை எண், சர்வே எண் எல்லாம் கற்பனை.

நாலு வரி மெயில்தானே, ஸ்பெல்லிங் சரியாக இருந்தால் போதாதா?

போதாது. இந்த மெயிலைப் படிக்கிறவர் அதை நம்பி ஒரு காரியம் செய்யப் போகிறார். லீவு போடுவார், வண்டி ஏற்பாடு செய்வார், ஊரிலிருந்து அப்பாவை வரச் சொல்வார், பீரோவைத் திறந்து காகிதங்களை எடுப்பார். ‘வில்லங்கச் சான்று’ என்பதில் ‘ச்’ விடுபட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது. தேதியும் கிழமையும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு குடும்பமே வெயிலில் நிற்கும். அதனால் முதலில் எப்போது, எங்கே, யார் எதை எடுத்து வருவது என்ற மூன்றையும் பார்த்துவிட்டு, மொழியைக் கடைசியில் பாருங்கள்.

ஒரு மெயிலை எடுத்து எங்கே தப்பு இருக்கிறது என்று காட்ட முடியுமா?

இது ஏஜென்ட் கையிலிருந்து வருகிற பாணியில் ஒன்று:

> பொருள்: சைட் விசிட்
>
> வணக்கம் சார், தாங்கள் போனில் பேசியபடி வரும் ஞாயிற்றுக்கிழமை (14.06.2025) 10 மணிக்கு சைட் விசிட் உறுதி செய்யப்பட்டுள்ளது. கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் வந்து கால் பண்ணவும். மனை எண் 27, 1200 சதுர அடி (3 சென்ட்), சர்வே எண் 112/3. டிடிசிபி அப்ரூவல், ரேரா உள்ளது. பட்டா, தாய் பத்திரம், 30 வருட வில்லங்க சான்று, ஆதார், பான், டோக்கன் அட்வான்ஸ் எடுத்து வரவும். விலை நிலம் இல்லை, வீட்டு மனை தான். உங்க பேமிலியோடு வரலாம். நன்றி.

ஒரு தடவை ஓட்டமாகப் படித்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் இதில் அனுப்பவே கூடாத அளவுக்குப் பெரிய பிழைகள் இருக்கின்றன. கீழே வரும் பதில்களில் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தேதியிலும் நேரத்திலும் எதைப் பார்க்க வேண்டும்?

காலண்டரைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும், மனக்கணக்கு வேண்டாம். 14.06.2025 சனிக்கிழமை, ஞாயிறு 15ஆம் தேதி. மெயிலில் கிழமையும் தேதியும் இரண்டுமே எழுதியிருப்பதால்தான் இந்தப் பிழை நம் கண்ணில் படுகிறது. தேதியை மட்டும் எழுதியிருந்தால் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. அதனால் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள், இரண்டையும் சரிபாருங்கள்.

இரண்டில் எது சரி என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது. பெரும்பாலும் கிழமைதான் சரியாக இருக்கும், ஏனென்றால் போனில் பேசும்போது ‘ஞாயிற்றுக்கிழமை வாங்க’ என்றுதான் பேசுவார்கள். தேதியைப் பிறகு தட்டச்சு செய்யும்போது சேர்க்கிறார்கள். ஆனாலும் ஏஜென்டிடம் கேட்டுவிட்டுத்தான் திருத்த வேண்டும்.

நம் ஊரில் இந்த ஒரு நாள் வித்தியாசத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஞாயிறு காலை 10 மணிக்கு ராகு காலம் இல்லை, அன்றைய ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. சனிக்கிழமை ராகு காலமோ காலை 9 முதல் 10.30 வரை. மெயிலைப் பார்த்துச் சனிக்கிழமை என்று எடுத்துக்கொண்டவர் வீட்டுப் பெரியவர், ‘ராகு காலத்திலா இடம் பார்க்கக் கூப்பிடுகிறார்கள்’ என்று அங்கேயே நிறுத்திவிடக்கூடும். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பேச்சில்லை. வருகிறவர் பார்ப்பார் என்றால் நீங்களும் ஒரு பார்வை பார்த்து, இடித்தால் ஏஜென்டிடம் சொல்லிவிடுங்கள்.

‘10 மணி’ என்று மட்டும் விடாமல் ‘காலை 10.00 மணி’ என்று முழுதாக எழுத வேண்டும். ‘நாளை’, ‘நாளை மறுநாள்’, ‘வரும் ஞாயிறு’ மாதிரியான சொற்கள் மட்டும் நின்றால் ஆபத்து: வெள்ளி இரவு எழுதிய மெயிலைச் சனிக்கிழமை காலையில் திறக்கிறவருக்கு ‘நாளை’ வேறு நாளாகிவிடும். மனையில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் ஏஜென்டிடம் கேட்டு ஒரு வார்த்தை சேர்த்தால் நல்லது. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

வாங்குபவர் சிங்கப்பூரில் இருக்கிறார், அவர் அப்பாதான் பார்க்க வருகிறார். மெயிலை யாருக்கு எப்படி எழுதுவது?

இருவருக்கும் அனுப்புங்கள், மனைக்கு வரப்போகிறவர் யார் என்பதை மெயிலுக்குள்ளேயே சொல்லுங்கள். நேரத்துக்குப் பக்கத்தில் ‘இந்திய நேரம்’ என்று போட வேண்டும். இங்கே காலை 10 மணி என்றால் சிங்கப்பூரில் பகல் 12.30, துபாயில் காலை 8.30. மகன் வீடியோ காலில் பார்க்கப் போவதாக இருந்தால் இது மிக முக்கியம். காலண்டர் அழைப்பும் சேர்த்து அனுப்பினால், அதில் உள்ள நேரமும் மெயிலில் உள்ள நேரமும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். மெயிலைத் திருத்திவிட்டு அழைப்பைத் திருத்த மறப்பது அடிக்கடி நடக்கிறது.

இடத்தின் விவரத்தில் எந்த அளவுக்கு நுணுகிப் பார்ப்பது?

ஏஜென்டின் பழைய மெயிலை வைத்து ஒப்பிடாதீர்கள். பழைய மெயிலில் தப்பு இருந்தால் அதே தப்பு தலைமுறை தலைமுறையாக வரும். பட்டாவும் மனைப்பிரிவு வரைபடமும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நம் மாதிரியில் ‘சர்வே எண் 112/3’ என்று இருக்கிறது. பட்டாவில் 112/3பி என்று உட்பிரிவோடு இருந்தால், அந்த ஓர் எழுத்து போனதில் இடமே மாறிவிட்டது. வாங்குபவர் விவரமானவராக இருந்தால் eservices.tn.gov.in தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்ப்பார். அங்கே வேறு யாரோ ஒருவர் பெயர் வந்தால் உங்கள் மேல் அவருக்கு என்ன எண்ணம் வரும்?

அடுத்தது பரப்பு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 1200 சதுர அடி என்பது சுமார் 2.75 சென்ட், 3 சென்ட் என்றால் 1306.8 சதுர அடி வர வேண்டும். பேச்சில் ‘மூணு சென்ட் இடம்’ என்று சொல்வது பழக்கம், எழுத்தில் அது கிட்டத்தட்ட 107 சதுர அடி இல்லாத நிலம். சதுர அடி 4,000 ரூபாய் என்று வைத்தால் நாலேகால் லட்சத்துக்கு மேல் போகிறது. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1076 சதுர அடி). அதை மாற்றிப் பார்த்து, மெயிலில் சதுர அடியை மட்டும் எழுதச் சொல்வேன். இரண்டு அளவு எழுதினால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

மாவட்டப் பெயரில் மட்டும் அவசரப்பட்டுத் திருத்த வேண்டாம். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019இல். கூடுவாஞ்சேரிப் பக்கத்துப் பழைய பத்திரத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் என்று இருப்பது பிழை இல்லை, அன்றைக்கு அதுதான் சரி. மெயிலில் இப்போதைய மாவட்டத்தை எழுதி, ‘பழைய பத்திரங்களில் காஞ்சிபுரம் மாவட்டம் என்று இருக்கும்’ என ஒரு வரி சேர்த்தால் வருகிறவருக்குக் குழப்பம் வராது.

சந்திக்கும் இடத்துக்கு ‘ஸ்டேஷன் வந்து கால் பண்ணவும்’ என்பது போதவே போதாது. எந்தப் பக்க வாசல், எந்தக் கடைக்கு எதிரே, யார் நிற்பார், அவர் எண் என்ன என்று இருக்க வேண்டும். மேப் இணைப்பை உங்கள் கணினியில் மட்டும் திறந்து பார்த்தால் போதாது. வேறொருவர் போனில் திறந்து, குத்திய புள்ளி மனையின் மேல்தான் விழுகிறதா என்று பாருங்கள். போன் எண்ணைச் சரிபார்க்க ஒரே வழி, மெயிலில் உள்ள எண்ணைத் தொட்டு டயல் செய்வது. பத்து இலக்கத்தைக் கண்ணால் ஒப்பிடும்போது இடம் மாறிய இரண்டு இலக்கங்கள் தப்பிவிடும்.

ஆவணப் பட்டியலில் பெயர்கள் எல்லாம் சரியாகத்தானே இருக்கின்றன, அதில் என்ன பிழை?

யார் எடுத்து வருவது என்பதே அதில் இல்லை. ‘பட்டா, தாய் பத்திரம், வில்லங்க சான்று, ஆதார், பான் எடுத்து வரவும்’ என்று படிக்கிற வாங்குபவர், பட்டா என்னிடம் எப்படி இருக்கும் என்று திகைப்பார். எழுதியவர் மனதில் இரண்டு பட்டியல்கள் இருந்திருக்கின்றன: விற்பவர் பக்கம் காட்டப் போகிறவை, வாங்குபவர் கொண்டு வர வேண்டியவை. எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன. இந்த வகை மெயிலில் நான் அதிகம் பார்க்கிற பிழை இதுதான். ஸ்பெல் செக் எதுவும் இதைக் காட்டிக்கொடுக்காது.

பிரித்து எழுதினால் ‘நாங்கள் காட்டுபவை’ என்பதன் கீழ் பட்டா, புல வரைபடம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அனுமதி ஆணை ஆகியவை வரும். ‘நீங்கள் எடுத்து வர வேண்டியவை’ என்பதன் கீழ் அநேகமாக ஓர் அடையாள அட்டை மட்டும்தான் மிஞ்சும். வங்கிக் கடனுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க நினைக்கிறவருக்கு வருமான ஆவணம் தேவைப்படலாம், அதை ‘விருப்பமிருந்தால்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அசலா நகலா என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். மனை மேல் வங்கிக் கடன் இருந்தால் அசல் பத்திரம் வங்கியில் இருக்கும். அப்போது ‘தாய்ப் பத்திரம் காட்டப்படும்’ என்ற வரியை நம்பி வக்கீலையும் கூட்டிக்கொண்டு வருகிறவர், ஜெராக்ஸைப் பார்த்துவிட்டு முகம் மாறித் திரும்புவார். ‘அசல் வங்கியில் உள்ளது, நகல் காட்டப்படும்’ என்று முன்பே எழுதிவிட்டால் அதே செய்தி நேர்மையாகப் போய்ச் சேரும்.

வில்லங்கச் சான்றுக்குக் கால அளவு உண்டு. மெயில் 30 வருடம் என்கிறது. இணைப்பில் இருக்கிற சான்றைத் திறந்து எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று படியுங்கள். 2012இல் தொடங்கினால் அது பதின்மூன்று வருடம். அதேபோல முடிவுத் தேதி எட்டு மாதம் பழையதாக இருந்தால், புதிதாக tnreginet.gov.in தளத்தில் எடுக்கச் சொல்லுங்கள். இடையில் என்ன பதிவாகியிருக்கிறது என்பது பழைய சான்றில் தெரியாது.

சைட் பார்க்க வருகிறவரிடம் ஆதார், பான் கேட்பது சரியா?

நிலத்தைப் பார்ப்பதற்கு இரண்டுமே தேவையில்லை. கேட் போட்ட மனைப்பிரிவில் பெயர் பதிய ஓர் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லலாம், அவ்வளவுதான். பான் தேவைப்படுவது ஒப்பந்தம், பத்திரப் பதிவு, வரிப் பிடித்தம் என்று பேச்சு முன்னேறிய பிறகு. அதனால் ‘ஆதார், பான் எடுத்து வரவும்’ என்ற வரியைப் பார்த்தால், எதற்கு என்று ஏஜென்டிடம் கேளுங்கள். காரணம் சொல்ல முடியாவிட்டால் எடுத்துவிடலாம். நகல் வேண்டுமென்றே இருந்தால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதார் போதும் என்று எழுதச் சொல்லுங்கள். மெயிலில் அனுப்பச் சொல்லவே வேண்டாம்.

டோக்கன் அட்வான்ஸை ஆவணப் பட்டியலோடு சேர்த்து எழுதலாமா?

கூடாது. பணம் ஆவணம் இல்லை. பட்டியலின் கடைசியில் சேர்ந்து நிற்கும்போது, பணம் கட்டினால்தான் இடம் காட்டுவார்கள் என்ற அர்த்தம் வருகிறது. புதிய மனைப்பிரிவாக இருந்தால் சட்டமும் குறுக்கே வரும். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, எழுத்து மூலமான விற்பனை ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யாமல் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வருகைக்கான மெயிலில் பணப் பேச்சு வராமல் இருப்பதே நல்லது.

‘டிடிசிபி அப்ரூவல், ரேரா உள்ளது’ என்ற வரியை அப்படியே விடலாமா?

ஆணை எண்ணையும் பதிவு எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு படித்தால் மட்டுமே விடலாம். ‘அப்ரூவல் கிடைத்துவிட்டது’ என்பதற்கும் ‘அப்ரூவல் கிடைத்துவிடும்’ என்பதற்கும் தட்டச்சில் வித்தியாசம் கொஞ்சம்தான். வாங்குபவருக்கோ, ஒன்று இன்று கடன் கிடைக்கக்கூடிய மனை, மற்றது வெறும் எதிர்பார்ப்பு. ‘விண்ணப்பித்துள்ளோம்’ என்பதே உண்மை என்றால் அதையே எழுத வேண்டும். எழுத்திலோ பேச்சிலோ பொய்யான தகவல் சொல்வது மேலே சொன்ன ரியல் எஸ்டேட் சட்டத்தின் 10ஆம் பிரிவில் ஏஜென்டுக்குத் தடை செய்யப்பட்ட செயல். மெயில் அதற்கு எழுத்துச் சாட்சியாக நிற்கும்.

‘ரேரா உள்ளது’ என்பது யாருடைய பதிவு? மனைப்பிரிவுத் திட்டத்துக்கு ஒரு பதிவு எண், ஏஜென்டுக்குத் தனியாக ஒரு பதிவு எண். இரண்டையும் பெயரிட்டு எழுதச் சொல்லுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்துக்குத் திட்டப் பதிவு கட்டாயமில்லை. அப்படியானால் ‘ரேரா உள்ளது’ என்று அலங்காரத்துக்கு எழுதாமல் அந்த வரியையே எடுத்துவிட வேண்டும்.

மொழிப் பிழைகளில் எவற்றை விடவே கூடாது?

பொருளை மாற்றுகிறவற்றை. மாதிரியில் ‘விலை நிலம் இல்லை’ என்று வந்திருக்கிறது. எழுத நினைத்தது ‘விளைநிலம்’. ஆங்கில விசையில் தமிழ் அடிக்கும்போது ல, ள, ழ மூன்றும் இப்படி மாறும். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் சிவப்புக் கோடு விழாது. வாய்விட்டுப் படிக்கும்போதும் காதுக்குத் தெரியாமல் போகலாம், எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது மரியாதை. ‘தாங்கள்’ என்று தொடங்கி ‘உங்க பேமிலி’ என்று முடிவது ஒட்டவில்லை. முழுக்க ‘நீங்கள்’ என்றே வைத்தால் இயல்பாக இருக்கும். பழைய மெயிலை எடுத்துப் பெயரை மாற்றி அனுப்பும்போது ‘சார்’ என்று ஓர் அம்மாவுக்குப் போய்விடும். பெயர், இனிஷியல், ஐயா அல்லது அம்மா மூன்றையும் கடைசியாக ஒருமுறை பாருங்கள். ‘தாய்ப் பத்திரம்’, ‘வில்லங்கச் சான்று’ என ஒற்றுப் போடுவது, ‘மனைதான்’ என்று சேர்த்து எழுதுவது எல்லாம் இதற்கு அப்புறம்.

ஏஜென்ட் எழுதியதை நான் எந்த அளவுக்கு மாற்றலாம்?

எழுத்து, ஒற்று, வரிசை, மரியாதைச் சொல் எல்லாம் உங்கள் கையில். தேதி, நேரம், எண், பரப்பு, அனுமதி நிலை, ஆவணத்தின் பெயர் இவற்றில் ஒன்றைக்கூட கேட்காமல் தொடக் கூடாது. கேட்கும்போது ‘தேதி சரியா?’ என்று கேட்டால் ‘சரிதான், அனுப்புங்க’ என்றுதான் பதில் வரும். ‘14 சனி, 15 ஞாயிறு. எந்த நாள்?’ என்று கேளுங்கள், அவர் யோசித்தே தீர வேண்டும்.

எல்லாம் திருத்திய பிறகு அந்த மெயில் எப்படி இருக்கும்?

ஏஜென்டிடம் கேட்டு உறுதி செய்த பிறகு:

> பொருள்: மனை எண் 27, கூடுவாஞ்சேரி – பார்வையிடும் நேரம் 15.06.2025 ஞாயிறு, காலை 10.00
>
> வணக்கம் ஐயா,
>
> போனில் பேசியபடி, 15.06.2025 ஞாயிற்றுக்கிழமை காலை 10.00 மணிக்கு (இந்திய நேரம்) மனையைப் பார்க்கலாம். சுமார் ஒரு மணி நேரம் ஆகும். கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தின் டிக்கெட் கவுன்டர் வாசலில் எங்கள் அலுவலகத்தைச் சேர்ந்தவர் காத்திருப்பார். அவர் பெயரும் எண்ணும் கீழே உள்ளன. நேராக மனைக்கு வருவதானால் மேப் இணைப்பைப் பயன்படுத்தலாம்.
>
> மனை: எண் 27, சர்வே எண் 112/3பி, 1200 சதுர அடி. டிடிசிபி அனுமதி பெற்ற வீட்டு மனை. ஆணை எண்ணும் திட்டத்தின் ரேரா பதிவு எண்ணும் எங்கள் ஏஜென்ட் பதிவு எண்ணும் கீழே.
>
> நாங்கள் காட்டுபவை: பட்டா, புல வரைபடம், அனுமதி ஆணை, தாய்ப் பத்திரம் (நகல், அசல் வங்கியில் உள்ளது), 30 வருட வில்லங்கச் சான்று.
>
> நீங்கள் எடுத்து வர வேண்டியது: ஏதேனும் ஓர் அடையாள அட்டை, காட்டுவதற்கு மட்டும். நகல் தேவையில்லை.
>
> குடும்பத்தோடு வரலாம். நேரம் மாற்ற வேண்டுமானால் சனிக்கிழமை மாலைக்குள் சொல்லுங்கள்.

பொருள் வரியிலேயே நாளும் நேரமும் இருப்பதைக் கவனியுங்கள். ஞாயிறு காலை காரில் உட்கார்ந்து போனில் தேடுகிறவர் மெயிலைத் திறக்காமலே பார்த்துக்கொள்வார்.

அனுப்பிய பிறகு தப்பு தெரிந்தால் என்ன செய்வது?

நாள், நேரம், இடத்தில் தப்பு என்றால் முதலில் போன், அப்புறம்தான் மெயில். திருத்திய மெயிலைச் சத்தமில்லாமல் மறுபடி அனுப்பினால் அவர் இன்பாக்ஸில் இரண்டு மெயில்கள் இருக்கும், எதை நம்புவது என்று தெரியாது. பொருள் வரியை ‘திருத்தம்:’ என்று தொடங்கி, முதல் வரியிலேயே எது மாறியது என்று சொல்லுங்கள்: ‘முந்தைய மெயிலில் 14.06.2025 என்று இருந்தது; சரியான நாள் 15.06.2025 ஞாயிறு. நேரத்திலும் இடத்திலும் மாற்றம் இல்லை.’ காலண்டர் அழைப்பு அனுப்பியிருந்தால் அதையும் மாற்றுங்கள். மனைக்குப் போகிற ஊழியருக்கும் சாவி வைத்திருக்கிற வாட்ச்மேனுக்கும் புதிய நாளைச் சொல்லிவிடுங்கள். அவர்களும் பழைய தேதியைத்தான் குறித்து வைத்திருப்பார்கள்.